கேவண்டிஷ் கண்ட புளிப்பு நீர்: ஹைட்ரஜன் எஞ்சினும் நைட்ரஜன் ஆக்சைடும்

1781இல் லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் ஒரு கண்ணாடிக் கோளத்துக்குள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அடைத்து, மின்பொறியால் வெடிக்கச் செய்தார். கோளத்தின் உட்சுவரில் 2 கிராம் அளவுக்கு நீர் படிந்தது. அது நாக்கில் புளித்தது. காரம் சேர்த்து ஆவியாக்கியபோது அடியில் தங்கியது வெடியுப்பு. நீரோடு நைட்ரிக் அமிலமும் உண்டாகியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

1784இல் ராயல் சொசைட்டியில் அவர் அளித்த கட்டுரை இதன் காரணத்தைத் தேடிப் போகிறது. ஆக்சிஜனில் மாசாகக் கலந்திருந்த சிறிது நைட்ரஜனே அமிலமாக மாறியது என்பது அவர் முடிவு. ஆக்சிஜன் மிஞ்சும்படி கலந்தால் நீர் புளித்தது. அதை முழுதும் தீர்க்கும் அளவுக்கு ஹைட்ரஜன் சேர்த்தால் நல்ல நீர் கிடைத்தது. ஹைட்ரஜன் எஞ்சினின் புகைச் சிக்கலும் அதற்கான தீர்வுகளில் ஒன்றும் இந்தக் கோளத்துக்குள்ளேயே இருந்தன.

இரு நூற்றாண்டு கழித்து, 2006இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ‘ஹைட்ரஜன் 7’ என்ற காரை அறிமுகப்படுத்தியது. பெட்ரோல், ஹைட்ரஜன் இரண்டையும் எரிக்கும் 12 சிலிண்டர் எஞ்சின் அதில் இருந்தது. ஏறத்தாழ 100 கார்களே தயாராயின.

எடையை மட்டும் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு நிகரில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் தரும் வெப்பம் 120 மெகாஜூல். ஒரு கிலோ பெட்ரோல் தருவது 44 மெகாஜூல் போல. ஆனால் காரில் தொட்டிக்குக் கிடைப்பது இடம்; அங்கே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினாலும் ஒரு லிட்டர் ஹைட்ரஜனின் எடை 71 கிராம்தான். அதில் 8.5 மெகாஜூல் அடங்கும்; ஒரு லிட்டர் பெட்ரோலில் 32.

அந்தக் காரின் தொட்டி கொண்டது 8 கிலோ. அதன் ஆற்றல் 960 மெகாஜூல், அதாவது 30 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். திரவம் மட்டுமே 110 லிட்டருக்கு மேல் இடம் பிடித்தது. சுற்றிலும் வெற்றிடக் காப்புச் சுவர் வேறு. அப்படியும் ஹைட்ரஜனில் 200 கிலோமீட்டர் சற்றுத் தாண்டி ஓடியது. வண்டி சும்மா நின்றாலும் உள்ளே கசியும் வெப்பத்தால் திரவம் மெல்ல ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்தது.

இத்தனை பாடுபட்டுச் சுமந்த எரிபொருளில் கார்பன் இல்லை, நைட்ரஜனும் இல்லை. ஆனால் அதை எரிக்க உள்ளே இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதன் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகியிருப்பதால் சாதாரணத் தீயில் அது அசையாது. சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச் 1946இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பிணைப்பு எப்படி அறுபடுகிறது என்பதை விளக்கியது:

O + N₂ → NO + N
N + O₂ → NO + O

கடும் வெப்பத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு பிளந்து தனி அணுவாகிறது. அந்த அணு நைட்ரஜனைத் தாக்கிப் பிளக்கிறது. விடுபட்ட நைட்ரஜன் அணு இன்னொரு ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. நைட்ரஜனைப் பிளக்கும் படிதான் கடினம். சுமார் 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். அதன்பின் வெப்பம் சில நூறு டிகிரி ஏறினாலே வேகம் பல மடங்காகும். காற்றும் ஹைட்ரஜனும் சரியான விகிதத்தில் எரியும்போது சுடர் 2,100 டிகிரியை எட்டும். இது பெட்ரோல் சுடரைவிடச் சற்றுக் கூடுதல். பிஸ்டன் கீழிறங்கியதும் வாயு சட்டென்று குளிர்ந்துவிடுவதால், உண்டான நைட்ரிக் ஆக்சைடுக்குத் திரும்பப் பிரிய நேரம் கிடைப்பதில்லை. அப்படியே சைலன்சருக்குப் போய்விடுகிறது.

தப்பிக்க வழி உண்டு. ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே தீப்பற்றும். ஆகவே தேவையைப்போல் இரு மடங்கு காற்றைச் சேர்த்து எரிக்கலாம். மிகுந்த காற்று வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, நைட்ரஜன் ஆக்சைடு ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கு விலை, எஞ்சினின் வலு. காற்றைச் சற்றே மிகுதியாகச் சேர்ப்பதுதான் ஆகாத இடம்: சூடும் குறையவில்லை, ஆக்சிஜனும் மிஞ்சுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு உச்சம் தொடுவது அங்கேதான்.

‘ஹைட்ரஜன் 7’ அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிச் சென்றது. மெதுவாக ஓடும்போது மிகுந்த காற்று. வலு தேவைப்பட்டால் நேராகச் சரிவிகிதம். சரிவிகிதத்தில் உண்டாகும் ஆக்சைடை, எரியாமல் மிஞ்சிய ஹைட்ரஜனைக் கொண்டே வினையூக்கி மாற்றியில் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றினார்கள். கேவண்டிஷின் கோளத்தில் ஹைட்ரஜன் மிகுந்தபோது நீர் புளிக்காமல் போனது நினைவுக்கு வருகிறது. 2008இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம், ‘ஹைட்ரஜன் 7’ காரின் ஹைட்ரஜன் மட்டும் எரிக்கும் மாதிரியைச் சோதித்தபோது, நைட்ரஜன் ஆக்சைடு அந்நாட்டின் கடும் வரம்புக்கும் வெகு கீழே இருந்தது. ஆனால் 6 லிட்டர் எஞ்சினிலிருந்து கிடைத்தது 260 குதிரைத்திறன். அதே அளவு பெட்ரோல் எஞ்சின் 445 தந்தது.

ஹைட்ரஜன் வண்டிக்கு இன்னொரு வழியான எரிபொருள் மின்கலத்தில் சுடரே இல்லை; சவ்வு 80 டிகிரி அளவில்தான் வேலை செய்கிறது. அங்கே நைட்ரஜன் வந்தபடியே வெளியேறுகிறது. எனவே ‘வெளிவருவது நீராவி மட்டுமே’ என்று ஒரு ஹைட்ரஜன் வண்டியைப் பற்றி யாராவது சொன்னால், அதில் இருப்பது மின்கலமா எஞ்சினா என்று முதலில் கேளுங்கள். எஞ்சின் என்றால், எவ்வளவு காற்றோடு எரிக்கிறது என்றும் கேளுங்கள்.