இருபது விழுக்காட்டு விதி: நீர்த்த பங்கு ஈட்டக் கணக்கில் மறக்கப்பட்ட ஒரு பத்தி

மாற்றத்தக்க கடன் பத்திரமும் பங்கு ஆப்ஷனும் ஒரே நிறுவனத்தில் நிலுவையில் இருந்தால் நீர்த்த பங்கு ஈட்டத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு இன்றைய பாடநூல்கள் தயங்காமல் விடை சொல்கின்றன. கடன் பத்திரத்துக்கு 'மாற்றியதாகக் கொள்ளும் முறை'. பத்திரம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பங்காகிவிட்டதாக வைத்து, வரி போக மிஞ்சும் வட்டியை இலாபத்தோடு கூட்டி, புதிய பங்குகளைப் பங்கு எண்ணிக்கையோடு கூட்ட வேண்டும். ஆப்ஷனுக்கு 'கருவூலப் பங்கு முறை'. ஆப்ஷனால் வரும் பணத்தில் நிறுவனம் சந்தை விலைக்குத் தன் பங்கையே திரும்ப வாங்குவதாக வைத்து, மிச்சத்தை மட்டும் கூட்ட வேண்டும். இந்தப் பிரிவினை கருவிகளின் இயல்பிலேயே இருப்பது போல எழுதப்படுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பொருளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று, கோர், குவே, கோத்தாரி மூவரும் 2002இல் 'தி அக்கவுண்டிங் ரிவியூ' இதழில் எழுதிய கட்டுரை. 731 ஊழியர் ஆப்ஷன் திட்டங்களை ஆராய்ந்த அவர்கள், ஆப்ஷன்களால் பங்குதாரருக்கு நேரும் உண்மையான நீர்ப்பு, கருவூலப் பங்கு முறை காட்டுவதைவிடச் சராசரியாக 100 விழுக்காடு கூடுதல் என்று கண்டனர். காரணமும் தெளிவானது. சந்தை விலை ஆப்ஷன் விலையைவிடக் குறைவாக இருந்தால் இந்த முறை அந்த ஆப்ஷனைச் சுழியமாக்கிவிடுகிறது. ஆனால் காலாவதிக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருக்கும் ஆப்ஷனுக்கு ஒரு மதிப்பு உண்டு.

அவர்களுடைய அளவீட்டில் எனக்குக் குறை தெரியவில்லை. என் முரண்பாடு அக்கட்டுரை வாசகர் மனத்தில் விட்டுச்செல்லும் படத்தோடுதான். கருவூலப் பங்கு முறை ஆப்ஷனின் மதிப்பை அளக்கப் பிறந்து அதில் தோற்றுப்போன கருவி என்ற எண்ணம் அங்கிருந்து எளிதில் எழுகிறது. அந்த முறை விதியாக எழுதப்பட்ட 1969ஆம் ஆண்டில் பிளாக், ஷோல்ஸ் சூத்திரம் இன்னும் வெளிவரவில்லை. அது வந்தது 1973இல். அதை எழுதிய அமெரிக்கக் கணக்கியல் கோட்பாட்டு வாரியம் கேட்டது வேறு கேள்வி: ஆப்ஷன்காரர் பணம் கட்டினால் நிறுவனம் அந்தப் பணத்தை என்ன செய்யும்? மதிப்பைக் கேட்கும் கேள்விக்கும் பணத்தின் போக்கைக் கேட்கும் கேள்விக்கும் இடையே உள்ள தொலைவைக் கவனிக்காமல் இந்த விதிகளின் வரலாற்றைப் படிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிப்புதான் உரைகல் என்றால் மாற்றியதாகக் கொள்ளும் முறையும் அதில் தேறாது. அது எதிர்ப்பக்கமாகத் தவறுகிறது. 50 ரூபாய்க்கு ஒரு பங்கு என மாற்றத்தக்க பத்திரம், பங்கு 20 ரூபாய்க்கு விற்கும்போதும், ஈட்டத்தைக் குறைக்கும் வரை முழுப் பங்குகளோடு கணக்கில் ஏறுகிறது. அந்த விலையில் பத்திரத்தை மாற்ற எவரும் முன்வரமாட்டார். ஒரே கணக்கில் ஒரு கருவி குறைத்தும் மற்றது மிகைத்தும் காட்டப்படுகிறது என்றால், அந்த இரண்டு முறைகளும் அளவுகோல்கள் அல்ல, வழக்குகள் என்றே கொள்ள வேண்டும்.

பின்னணி தெரிந்ததுதான். 1960களில் லிங்-டெம்கோ-வாட், கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் போன்ற பல்தொழில் நிறுவனங்கள் மாற்றத்தக்க பத்திரங்களையும் வாரண்டுகளையும் கொடுத்துப் பிற நிறுவனங்களை வாங்கின. வாங்கிய நிறுவனத்தின் இலாபம் உடனே ஈட்டத்தில் சேர்ந்தது. கொடுத்த பத்திரம் பங்காகும் நாள்வரை பங்கு எண்ணிக்கையில் சேரவில்லை. அமெரிக்கக் கணக்கியல் கோட்பாட்டு வாரியம் 1966இல் தன் 9ஆம் கருத்துரையில் இதைத் தொட்டது. 1969 மே மாதம் 15ஆம் கருத்துரையில் விரிவாக விதித்தது. வெளியிட்ட நாளில் ரொக்க விளைவு வங்கியின் முதன்மை வட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால் அந்தப் பத்திரம் பங்குக்குச் சமம் என்ற புகழ்பெற்ற சோதனை அதில்தான் வந்தது. அதைப் பற்றி எழுதியவர் பலர். நான் நிற்க விரும்புவது அதே கருத்துரையின் 38ஆம் பத்தியில்.

அந்தப் பத்தி சொல்வது இது. பெரும் எண்ணிக்கையில் ஆப்ஷனும் வாரண்டும் நிலுவையில் இருந்தால், கருவூலப் பங்கு முறை நீர்ப்பைப் போதிய அளவு காட்டாமல் போகலாம். ஆகவே அவற்றால் வரக்கூடிய பங்குகள் நிலுவைப் பங்குகளில் 20 விழுக்காட்டைத் தாண்டினால், எல்லா ஆப்ஷன்களும் பயன்படுத்தப்பட்டதாகக் கொள்ள வேண்டும். வரும் பணத்தில் நிலுவைப் பங்குகளில் 20 விழுக்காடு வரை மட்டுமே திரும்ப வாங்கலாம். மீதிப் பணத்தில் கடனை அடைத்ததாகவும், அதற்கும் மேல் மிஞ்சினால் அரசுப் பத்திரத்திலோ வணிகத் தாள்களிலோ போட்டதாகவும் கொண்டு, மிச்சமான வட்டியை அல்லது கிடைக்கும் வட்டியை, வரி நீக்கி, இலாபத்தோடு கூட்ட வேண்டும்.

இலாபத்தோடு வட்டியைக் கூட்டுவது எந்த முறையின் அடையாளம்? கடன் பத்திரத்துக்குரிய முறையின் அடையாளம். இரண்டு முறைகளையும் வரையறுத்த அதே ஆவணம், ஆப்ஷன் கொஞ்சம் பெருத்தவுடன் ஒன்றை மற்றதோடு கலந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு கற்பனை நிறுவனத்தின் நிகர இலாபம் 60,00,000 ரூபாய், பங்குகள் 10,00,000, எனவே அடிப்படை ஈட்டம் 6.00. 1 கோடி ரூபாய்க்கு 9 விழுக்காட்டு மாற்றத்தக்க பத்திரம் உள்ளது. மாற்றினால் 2,00,000 பங்குகள். வரி 30 விழுக்காடு என்றால், 9,00,000 வட்டியில் வரி போக 6,30,000 கூடும். புதிய பங்கு ஒன்றுக்கு 3.15. ஆப்ஷன்கள் 3,00,000, ஆப்ஷன் விலை 40 ரூபாய், ஆண்டின் சராசரிச் சந்தை விலை 50 ரூபாய்.

இன்றைய முறையில் ஆப்ஷன் பணம் 1,20,00,000. அதில் 2,40,000 பங்குகளைத் திரும்ப வாங்கலாம். கூடுவது 60,000 பங்குகள் மட்டும். ஈட்டம் 5.66. பிறகு பத்திரத்தைச் சேர்த்தால் 66,30,000 இலாபம், 12,60,000 பங்குகள், ஈட்டம் 5.26.

38ஆம் பத்தியின்படி திரும்ப வாங்கக்கூடியது 2,00,000 பங்குகள்தான். அதற்கு 1 கோடி போக மிஞ்சும் 20,00,000 ரூபாயில் 10 விழுக்காட்டு வங்கிக் கடனை அடைத்தால், வரி போக 1,40,000 மிச்சம். ஆப்ஷனுக்குப் பின் 61,40,000 இலாபம், 11,00,000 பங்குகள். பத்திரத்தையும் சேர்த்தால் ஈட்டம் 5.21. இந்த நிறுவனத்தில் வேறுபாடு ஐந்து காசுதான். ஆனால் வாரண்டுகளை அள்ளிக் கொடுத்த நிறுவனங்களில் அது ஐந்து காசோடு நிற்காது.

அந்த 20 என்ற எண் எங்கிருந்து வந்தது? பத்தி காரணம் கூறவில்லை. இணை நிறுவன முதலீடுகளுக்கான 20 விழுக்காட்டு வரம்பிலிருந்து வந்திருக்கும் என்ற எண்ணம் கணக்காயருக்கு இயல்பாகவே தோன்றும். அது பொருந்தாது, அந்த வரம்பு 18ஆம் கருத்துரையில் வந்தது, ஆண்டு 1971. நான் வைக்கும் ஊகம் வேறு. 1953இல் தொகுக்கப்பட்ட 43ஆம் கணக்கியல் ஆய்வறிக்கை, 20 முதல் 25 விழுக்காட்டுக்குக் குறைவாகப் போனஸ் பங்கு வழங்கினால் சந்தை விலை பெரும்பாலும் அசையாது என்ற அடிப்படையில் விதி செய்திருந்தது. கருவூலப் பங்கு முறையின் அடித்தளமும் இதே எண்ணம்தான்: நிறுவனம் வாங்கினாலும் விலை அசையாது. அந்த எண்ணம் எந்த அளவு வரை தாங்கும் என்று கேட்டால், தொழிலில் ஏற்கெனவே புழங்கிய எல்லை 20. எழுத்துச் சான்று இல்லாமல் இதை முடிந்த முடிபாகச் சொல்லமாட்டேன். ஆனால் விலையைப் பற்றிய ஐயமே இந்தப் பத்தியை எழுத வைத்தது என்று கொண்டால், பத்தியின் ஒவ்வொரு வரியும் பொருள்படுகிறது. நீர்ப்பை மதிப்பாக அளக்கும் எண்ணம் என்று கொண்டால், 20க்குக் கீழே ஏன் சும்மா விட்டார்கள் என்பதற்கு விடை இல்லை.

பிரிட்டனின் வழி இதற்குத் துணை நிற்கிறது. 1972இல் வந்த அந்நாட்டின் மூன்றாம் கணக்கியல் நெறி, ஆப்ஷன் பணத்தில் பங்கைத் திரும்ப வாங்குவதாகக் கொள்ளவே இல்லை. அந்தப் பணத்தை 2.5 விழுக்காட்டு 'கன்சோல்' அரசுப் பத்திரத்தில் போட்டதாகக் கொண்டு, வரி போன வருவாயை இலாபத்தோடு கூட்டியது. அங்கே கடன் பத்திரமும் ஆப்ஷனும் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் ஓடின. நம் நிறுவனத்தில் கன்சோலின் விளைவு 10 விழுக்காடு என்று வைத்தால் ஆப்ஷனால் 8,40,000 கூடும். பங்குகள் 3,00,000 முழுதாக ஏறும். பத்திரத்தையும் சேர்த்தால் ஈட்டம் 4.98. நிறுவனம் ஒன்றே, ஆண்டும் ஒன்றே. விடை மட்டும் 5.26, 5.21, 4.98. 1998இல் பிரிட்டன் இந்த முறையைக் கைவிட்டது. கன்சோல் பத்திரங்களும் 2015இல் தீர்க்கப்பட்டுவிட்டன.

1997 பிப்ரவரியில் அமெரிக்க நெறி 128உம் பன்னாட்டு நெறி 33உம் ஒரே காலத்தில் வெளிவந்தன. மூன்றில் இரண்டு சோதனை போயிற்று. 20 விழுக்காட்டு விதியும் போயிற்று. பாடநூல்களில் இன்று காணும் தெளிவான பிரிவினை அப்போதுதான் நிலைபெற்றது என்பது என் வாசிப்பு. 1969 என்று சொல்வோர் இரண்டு முறைகளின் பெயர்களை மட்டும் பார்க்கிறார்கள். இந்தியாவில் 2001 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த நெறி 20 இந்தப் பிரிவினையை ஆயத்தமாகவே பெற்றுக்கொண்டது.

1997இன் நெறிகள் வற்புறுத்திய வரிசை விதியையும் இங்கே குறிக்க வேண்டும்; கணக்கில் தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. ஒவ்வொரு கருவியையும் அடிப்படை ஈட்டத்தோடு தனித்தனியே ஒப்பிடக் கூடாது. அதிகம் நீர்க்கும் கருவியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். நம் பத்திரம் 2,00,000க்குப் பதில் 1,10,000 பங்குகளாகவே மாறும் என்று வையுங்கள். புதிய பங்கு ஒன்றுக்கு 5.73. இது 6.00ஐவிடக் குறைவு, ஆகவே நீர்க்கும் என்று தோன்றும். ஆனால் ஆப்ஷன் ஏறியதும் ஈட்டம் 5.66க்கு இறங்கிவிட்டது. பத்திரத்தையும் சேர்த்தால் 66,30,000ஐ 11,70,000ஆல் வகுக்க, 5.67. ஈட்டம் ஏறுகிறது; எனவே பத்திரத்தை விட்டுவிட வேண்டும். வரிசைப்படி ஒரு கருவியைச் சேர்த்தபின் ஈட்டம் கூடினால் அந்தக் கருவி நீர்ப்பதில்லை என்று அறியலாம்.

பிரிவினை அதன்பிறகும் அசையாமல் இல்லை. 2020இல் அமெரிக்க வாரியம் மாற்றத்தக்க பத்திரம் அனைத்துக்கும் மாற்றியதாகக் கொள்ளும் முறையே வேண்டும் என்று விதித்தது. ஆனால் அசலைக் கட்டாயம் ரொக்கமாகத் திருப்ப வேண்டிய பத்திரத்துக்கு வட்டியைக் கூட்டத் தேவையில்லை. அசலுக்கு மேற்பட்ட மதிப்புக்கான பங்குகளை மட்டும், சராசரிச் சந்தை விலையில் கணக்கிட்டுச் சேர்த்தால் போதும். பெயர் ஒரு முறையுடையது, கணக்கு மற்றதனுடையது. 1969இல் ஆப்ஷனுக்குள் கடன் பத்திர முறை நுழைந்தது போல, 2020இல் கடன் பத்திரத்துக்குள் ஆப்ஷன் முறை நுழைந்திருக்கிறது.

ஆகவே ஆண்டறிக்கையில் நீர்த்த ஈட்டத்தைப் படிப்பவர் அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிட வேண்டாம். இந்திய நெறி 33, ஈட்டத்தைக் குறைக்காததால் இவ்வாண்டு விடப்பட்ட கருவிகளையும் குறிப்பில் காட்டச் சொல்கிறது. அந்தக் குறிப்பையும் சேர்த்தே படியுங்கள்.