வாகுகனைச் சோதித்தது யார்?

மாறுவேடத்தில் வீடு திரும்பும் வீரன் என்றால் எல்லாரும் கிரேக்க ஒடிசியூஸைத்தான் சொல்வார்கள். பிச்சைக்காரனாக வந்து, யார் விசுவாசமாக இருந்தார்கள் என்று நோட்டம் பார்த்தவன். நம்ம பக்கம் அதற்கு நெருக்கமான கதை நளனுடையது. மகாபாரதத்தின் வனபர்வத்தில் வருகிறது. அதை நளவெண்பாவாகப் பாடிய புகழேந்தி களந்தைக்காரர். பழவேற்காடும் காட்டூரும் இருக்கிற இதே தொண்டை மண்டலம்தான். ஆனால் இந்தக் கதையில் சோதனை வைப்பது திரும்பி வந்தவன் இல்லை, காத்திருந்தவள். வியாச பாரதத்தில் இருக்கிறபடி பார்ப்போம்.

சூதில் நாட்டை இழந்த நளன், காட்டில் தூங்கும் தமயந்தியின் சேலையைப் பாதி கிழித்துக்கொண்டு போய்விடுகிறான். பாம்பு தீண்டி உருவம் மாற, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான்.

தமயந்திக்குச் சந்தேகம் வருகிறது. நாளைக்கே தனக்கு மறு சுயம்வரம் என்று அயோத்திக்கு மட்டும் சொல்லி அனுப்புகிறாள். நூறு யோசனைக்கு மேல் தூரம். ஒரே நாளில் ஓட்ட நளனால்தான் முடியும். தேர் வந்துவிடுகிறது, சத்தமும் நளன் ஓட்டுகிற மாதிரியே இருக்கிறது. ஆனால் இறங்கியவன் குரூபி. சரி, இந்த வித்தையை நளன் வேறு யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று யோசிக்கிறாள். நம்ம பாஷையில் சொன்னால், பாஸ்வேர்டு சரி, ஆனால் ஆள் அதே ஆளா?

அதனால் அடுத்து அவள் தேடுவது சொல்லிக்கொடுக்க முடியாத விஷயங்களை. தோழி கேசினியை அனுப்பி, அவனுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்காதே, என்ன செய்கிறான் பார் என்கிறாள். அவன் பார்த்ததும் குடம் நிரம்புகிறது, புல் பற்றிக்கொள்கிறது. அதெல்லாம் சுயம்வரத்தில் தேவர்கள் நளனுக்குக் கொடுத்த வரம். பிறகு அவன் சமைத்த கறியை வரவழைத்து ருசி பார்க்கிறாள். கடைசியில் பிள்ளைகள் இருவரையும் அனுப்புகிறாள். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "என் பிள்ளைகள் மாதிரியே இருந்தார்கள், அதான்" என்று கேசினியிடம் சமாளிக்கிறான்.

இதற்குப் பிறகு நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அவள் கேட்க, எல்லாம் கலி செய்தது என்று சொல்லிவிட்டு, நீ மட்டும் எப்படி இரண்டாவது கணவனைத் தேடினாய் என்று திருப்பிக் கேட்கிறான் பாருங்க! காட்டில் விட்டுப் போனது அவன், கற்புக்குச் சாட்சி சொல்ல வேண்டியது அவள். வாயு பகவானே வந்து சொன்ன பிறகுதான் நம்புகிறான். பழைய உருவத்துக்கு மாறுகிறான்.

ஒடிசியூஸ் மாதிரி இவன் யாரையும் கொல்லவில்லை. நாட்டைப் பறித்த தம்பி புட்கரனை மறுபடி சூதுக்குக் கூப்பிட்டு, ஒரே ஆட்டத்தில் ஜெயித்து, மன்னித்தும் விடுகிறான். எனக்கு உறுத்துவது அந்த ஆட்டத்துக்கு அவன் வைத்த பணயம்: புதிதாகச் சம்பாதித்த செல்வம், கூடவே தமயந்தி. முதல் சூதில் எல்லாம் போன பிறகும் அவளைப் பணயம் வைக்காமல் எழுந்து போனவன் இவன்தான்.