புளூடூத் இரத்த அழுத்தமானி: செயலியுடன் இணைத்தலும் அளவை வாசித்தலும்

2010-இல் வெளிவந்த புளூடூத் 4.0 ஏற்படுத்திய குறையாற்றல் முறையில், இரத்த அழுத்தமானி தன் அளவுகளை 0x1810 என்னும் சேவையின்கீழ் 0x2A35 என்னும் பண்பின் வாயிலாக அனுப்புகிறது. ஆண்ட்ராய்டில் setCharacteristicNotification என்று அழைப்பது கைப்பேசிக்குள் மட்டுமே பதிவாவதாகையால், 0x2902 விவரிப்பில் 02 00 என்று எழுதி, அது முடிந்ததாக விடை வந்த பின்னரே அடுத்த காரியத்தைத் தொடங்க வேண்டும்; இதை விட்டவருக்குப் பிழைச் செய்தியே வராது, அளவும் வராது, மௌனமே அடையாளம்.

ஒரு முதியவர் காலையில் பட்டையைக் கட்டி அளக்க, பின்வரும் ஒன்பது பைட்டுகள் வந்தனவென்று கொள்வோம்:

```
04 B0 F4 20 F3 FF 07 48 00
```

முதல் பைட்டு, அலகு மி.மீ. பாதரசம் என்பதையும் நாடித்துடிப்பும் உடன் வருகிறது என்பதையும் குறிக்கிறது. அடுத்த இரண்டைத் தாழ்ந்த பைட்டு முதலாகச் சேர்த்தால் F4B0. இதைச் சாதாரண முழு எண்ணாக வாசித்தால் 62640 என்னும் விபரீதம் விளையும். உண்மையில் F என்பது பத்தின் -1 அடுக்கு, 4B0 என்பது 1200. ஆகவே மேல் அழுத்தம் 120.0. அவ்வாறே கீழ் அழுத்தம் 80.0, நாடி 72. இடையிலுள்ள 07FF அளவே அன்று; சராசரி அழுத்தத்தைக் கருவி கணிக்கவில்லை என்பதற்கான குறி. அதை 2047 என்று திரையில் காட்டும் செயலி வீட்டாரைக் கலங்கடித்துவிடும்.

பெற்றுக்கொண்டதாகக் கருவிக்கு ஒப்புகை அனுப்புவது கைப்பேசியின் இயங்குதளமேயன்றிச் செயலி அன்று. ஒப்புகை கிடைத்தபின் கருவி அந்த அளவை மீண்டும் அனுப்பாதிருக்கலாம்; ஆதலால் அளவு வந்த கணமே, திரையில் காட்டுமுன், அதைச் சேமித்துவிட வேண்டும்.