ஜித்தாவிலிருந்து 054 வரை: ஒரு கோலின் பயணமும் அதன் விலையும்

நாவலப்பிட்டியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத வீடுகள் குறைவு. உம்மாவோ வாப்பாவோ சவூதி, கட்டார், குவைத் என்று போயிருந்த காலத்தில் கெசட்டில் குரல் பதிந்து அனுப்பினோம். பிறகு டவுனில் கொமியூனிகேஷன் கடைகள் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினோம். ஒரு தடவை மணியடித்து வைத்தால் "சுகம்" என்று அர்த்தம் என வீட்டுக்கு வீடு பேசி வைத்திருந்தோம். ஒரு நிமிடப் பேச்சு ஏன் அவ்வளவு விலையாக இருந்தது, அந்தக் காசு யாருக்குப் போனது என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பாதையைப் பார்ப்போம். ஜித்தாவில் ஒருவர் 00 94 54 என்று தொடங்கி நம் வீட்டு இலக்கத்தை அழுத்துகிறார். 00 என்றதும் அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் இது வெளிநாட்டுக் கோல் என்று அறிந்து, நாட்டின் சர்வதேச நுழைவாயிலுக்கு அனுப்பும். நுழைவாயில் 94ஐப் பார்த்து, இலங்கைக்கு எந்த வழி என்று தன் அட்டவணையில் தேடும். அங்கிருந்து கொழும்பு நுழைவாயிலுக்கு வந்தபின் 54 என்ற இரண்டு இலக்கம் அதை நாவலப்பிட்டிக்குக் கொண்டுவரும்.

நடுவில் இருக்கும் கடலைக் கடக்கும் வழி காலத்துக்குக் காலம் மாறியது. 1976இல் பாதுக்கையில் செய்மதி நிலையம் திறக்கப்பட்டது. குரல் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் போய்த் திரும்பியதால், நாம் பேசி முடித்துச் சற்று நேரம் கழித்தே மறுபக்கத்தவருக்குக் கேட்டது. பிறகு கடலடிக் கேபிள்களும் வந்தன. கல்கிசையில் கரையேறிய சீ-மீ-வீ 3 கேபிள் ஜித்தாவையும் தொட்டது. கேபிளில் ஒரு நிமிடப் பேச்சைக் கொண்டுவர உண்மையில் ஆகும் செலவு மிகச் சிறியது.

அப்படியானால் விலை எங்கே ஏறியது? கடைசிக் கதவில்தான். ஒரு நாட்டிலிருந்து வரும் கோலை இன்னொரு நாட்டுக் கம்பனி ஏற்று, வீட்டுத் தொலைபேசியில் மணியடிக்கச் செய்வதற்குக் கூலி கேட்கும். பழைய முறையில் இரண்டு நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களும் ஒரு நிமிடத்துக்கு ஒரு தொகையைப் பேசி முடிவு செய்து, பாதிப் பாதியாகப் பிரித்தன. உதாரணத்துக்கு அது ஒரு டொலர் என்றால், அங்கிருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இங்கே 50 சதம் வரவேண்டும். இங்கிருந்து போன கோல்களைவிட வந்த கோல்களே அதிகம். ஆகவே டொலர் நம் பக்கம் வந்தது. அந்த வருமானத்தைக் கொண்டு உள்ளூர்க் கட்டணம் குறைவாக வைக்கப்பட்டது. வேறு விதமாகச் சொன்னால், ரியாதில் வீட்டு வேலை செய்த தாயின் சம்பளத்திலிருந்து போன காசில் ஒரு பங்கு, ஊரில் உள்ள எல்லாருடைய தொலைபேசிக் கட்டணத்தையும் தாங்கியது.

இம்முறை இரண்டு பக்கத்தில் உடைந்தது. 1997இல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம், தன் நாட்டுக் கம்பனிகள் நிமிடத்துக்கு 15, 19, 23 சதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று நாடுகளின் வருமானத்தைப் பார்த்து எல்லை வைத்தது. இங்கே, ஸ்ரீ லங்கா டெலிகொம்முக்கு மட்டுமே இருந்த வெளிநாட்டுக் கோல் உரிமை 2002 ஆகஸ்டில் முடிந்தது. 2003இல் பல கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்து, கட்டணம் சரிந்தது. ஆனாலும் உள்ளே வரும் நிமிடத்துக்கு அரசாங்கம் ஒரு தீர்வையை வைத்துக்கொண்டது.

இன்றும் விலையைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. பக்கத்தில் இருக்கும் மாலைதீவுக்கு எடுப்பது, உலகின் மறுகரையிலுள்ள அமெரிக்காவுக்கு எடுப்பதைவிடப் பல மடங்கு விலை. அமெரிக்காவில் பல கம்பனிகள் போட்டியிடுவதால் கதவுக் கூலி ஒரு சதமளவுக்கு இறங்கிவிட்டது. சின்ன நாட்டில் ஒன்றிரண்டு கம்பனிகளே கதவைப் பிடித்திருக்கும்.

கூலி உயர்ந்த இடத்தில் களவும் வரும். சவூதியிலிருந்து பேசுபவரின் கோல் சில வேளை நம் போனில் 077, 071 என்று உள்ளூர் இலக்கமாக விழும். அந்தக் கோல் இணையம் வழியாக நாட்டுக்குள் வந்து, பல சிம்கள் செருகிய ஒரு பெட்டியில் உள்ளூர்க் கோலாக மாற்றப்பட்டிருக்கிறது. தீர்வை கட்டப்படவில்லை. குரலும் பெரும்பாலும் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

அதேபோல, தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு மணி மட்டும் அடித்து நின்றால் திருப்பி எடுக்காதீர்கள். கதவுக் கூலி உயர்ந்த ஒரு நாட்டின் இலக்கமாக அது இருக்கலாம். நாம் பேசும் ஒவ்வொரு நிமிடத்திலும் அந்தக் களவுக்காரருக்குப் பங்கு உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வைப்போம்.