வாடகை ரசீதும் வீட்டுக்காரர் கையெழுத்தும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்து கொண்டு மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதம் என்றாலே ஒரு சங்கடம் உண்டு. அலுவலகத்தில் வருமான வரிக் கணக்கு போடுவார்கள். எச்.ஆர்.ஏ.வுக்கு விலக்கு வேண்டுமானால் வாடகை ரசீது கொண்டு வா என்பார்கள். ரசீது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அவர் நல்ல மனிதர், பண்டிகைக்குப் பிரியாணி அனுப்புவார், ஆனால் ரசீது என்றதும் முகம் மாறிவிடும்.

"எதுக்கு சார் ரசீது? நம்ம ரெண்டு பேருக்குள்ள நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கைக்கு இல்லை பாய். ஆபீஸ்ல கேக்கறாங்க."

இந்தப் பேச்சு தோல் மண்டியில் வேலை பார்த்த கூலியாட்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு வாரக் கூலி, வாடகைப் படி ஏது? வங்கிக்காரர்கள், வாத்தியார்கள், ரயில்வே, தபால் இலாகா, ஆஸ்பத்திரி ஊழியர்கள், கம்பெனி ஆபீஸ் குமாஸ்தாக்கள், இவர்கள்தான் இதில் மாட்டியவர்கள். வீட்டுக்காரர் ஏன் அப்படித் தயங்கினார் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீடு கிடைப்பது அரிதாகி வாடகை ஏறியது. அதைக் கட்டுப்படுத்த 1941இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிந்த பிறகு அது 1946இலும் 1949இலும் சட்டமாக நீண்டு, கடைசியில் 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. நாம் ரென்ட் கன்ட்ரோல் ஆக்ட் என்று சொல்வது இதைத்தான். அதன் 8ஆம் பிரிவில், வாடகையோ அட்வான்சோ கொடுத்த குடித்தனக்காரருக்கு, வீட்டுக்காரரோ அவருடைய ஏஜெண்டோ கையெழுத்திட்ட ரசீது பெற உரிமை உண்டு என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆக, ரசீது கேட்பது தயவு கேட்பது அல்ல. வருமான வரிக்காரர்கள் கேட்பதற்கு முன்பே அது சட்டத்தில் இருந்தது.

ஆனால் அந்த ஒரு துண்டுக் காகிதம் வீட்டுக்காரருக்கு எதிராக மூன்று இடங்களில் சாட்சி சொல்லக் கூடியது. முதலாவது, ரென்ட் கன்ட்ரோலர் கோர்ட். ரசீது இருந்தால் குடித்தனம் நிரூபணமாகிவிடும், பிறகு நினைத்த நேரத்தில் காலி செய்யச் சொல்ல முடியாது, நியாய வாடகை நிர்ணயிக்கக் கோரி மனுவும் போடலாம். இரண்டாவது, நகராட்சி. வீட்டு வரி என்பது வீடு என்ன வாடகைக்குப் போகும் என்ற ஆண்டு மதிப்பின் மேல்தான் போடப்பட்டது. நகராட்சிக் கணக்கில் ஒரு தொகை, ரசீதில் வேறு தொகை என்றால் யோசிக்க வேண்டியதுதான். மூன்றாவது வருமான வரி. வாடகை அவருக்கு வருமானம்.

இதனால் பலர் கண்டுபிடித்த நடுவழி, பாதித் தொகைக்கு ரசீது தருவது. குடித்தனக்காரரும் ஏதோ கிடைத்தது என்று வாங்கிக் கொள்வார். அதில் என்ன நஷ்டம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

1990 வாக்கில் ஆம்பூரில் ஒருவருக்குச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 4,000 ரூபாய், எச்.ஆர்.ஏ. 600, கொடுக்கும் வாடகை 900 என்று வைத்துக் கொள்வோம். வருமான வரிச் சட்டத்தில் 1964இல் சேர்ந்த 10(13ஏ) பிரிவும் அதற்கான விதியும் சொல்வது, மூன்று தொகைகளில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. வாங்கிய படி 600. வாடகையில் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 900 போக 400, மீதி 500. சம்பளத்தில் 40 சதவீதம் 1,600. (சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லியில் இருந்தால் 50 சதவீதம். நமக்கு எப்போதும் 40தான்.) குறைந்தது 500, அதுவே விலக்கு.

வீட்டுக்காரர் 600க்கு மட்டும் ரசீது கொடுத்தால்? 600இல் 400 போக 200. மாதம் 300 ரூபாய் விலக்கு போயிற்று, ஆண்டுக்கு 3,600. அன்று 30 சதவீத வரி கட்டும் நிலையில் இருந்தவருக்கு 1,080 ரூபாய் கூடுதல் வரி. ஒரு மாத வாடகையைவிட அதிகம்! பத்தில் ஒரு பங்கு முதலிலேயே கழிந்துவிடுவதால், ரசீதில் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் நேராக விலக்கில்தான் விழுகிறது. இதை யாரும் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து விளக்குவதில்லை, வருத்தப்பட்டுக் கொண்டு திரும்பி வருவதோடு சரி.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1986இல் ஒரு விடுதலை வந்தது. நான்காவது ஊதியக் குழுவுக்குப் பின், அரசுக் குடியிருப்பில் இல்லாதவர்களுக்கு ரசீது கேட்காமலேயே எச்.ஆர்.ஏ. கொடுக்கலாம் என்று உத்தரவானது. படி வாங்குவதற்குத்தான் அந்தச் சலுகை. வாங்கிய படிக்கு வரி விலக்கு வேண்டுமானால் பழைய கதைதான். படி மாதம் 3,000 வரை இருந்தால் சம்பளம் போடுபவர் ரசீது கேட்க வேண்டாம் என்று பிறகு ஒரு தளர்வு வந்தாலும், வருமான வரி அதிகாரி கேட்டால் காட்டத்தான் வேண்டும்.

ரசீதின் உருவமும் ஒரு பாடு. 1994 வரை 20 ரூபாய்க்கு மேல் எதற்கும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அந்த ஆண்டு வரம்பு 500 ஆகி, ஸ்டாம்பும் ஒரு ரூபாயானது. 2004இல் வரம்பு 5,000. ஸ்டாம்பின் மேல் பாதியும் காகிதத்தில் பாதியுமாகக் கையெழுத்து விழ வேண்டும், ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாமல் போக அதுதான் வழி. பன்னிரண்டு மாத ரசீதும் ஒரே பேனா மையில், அடுத்தடுத்த எண்ணில், ஒரே நாளில் எழுதியது போல் இருந்தால் கணக்குப் பிரிவில் யாருக்கும் தெரிந்துவிடும். பிப்ரவரியில் போய் மொத்தமாகக் கேட்பதால் வரும் வினை இது. வீடு பேசும்போதே, அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே கேட்டு, மாதாமாதம் வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஒரேயடியாக மறுத்தால் என்ன செய்வது? இங்கே சட்டத்தில் ஒரு வேடிக்கை. வீட்டுக்காரர் வாடகையையே வாங்க மறுத்தால் வழி விரிவாகச் சொல்லியிருந்தது. நோட்டீஸ் கொடுத்து, பத்து நாளுக்குள் ஒரு வங்கியைக் குறிப்பிடச் சொல்லலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் கமிஷனைக் கழித்துக் கொண்டு மணியார்டரில் அனுப்பலாம், அதையும் வாங்காவிட்டால் கன்ட்ரோலரிடம் கட்டலாம். ஆனால் பணத்தை வாங்கிக் கொண்டு ரசீது மட்டும் தராதவருக்கு இப்படி ஒரு படிக்கட்டு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் அந்த மணியார்டரையே பிடித்துக் கொண்டார்கள். பணம் பெற்றவரின் கையெழுத்தோடு ஒப்புதல் சீட்டு நம்மிடம் திரும்பி வருமே! எத்தனை ரூபாய் என்பதும் அதில் இருக்கும். அடுத்த தெருவில் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தபாலில் வாடகை அனுப்புவது மனஸ்தாபத்தில்தான் முடியும் என்பதால், வேறு வீடு பார்க்கத் தயாராக இருந்தவர்தான் அதைச் செய்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் போகியத்துக்கு வீடு எடுக்கும் வழக்கம் அதிகம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. போகியத்தில் இருப்பவருக்கு எச்.ஆர்.ஏ. விலக்கே கிடையாது, வாடகை என்று ஒன்று கொடுத்தால்தானே விலக்கு! வீட்டுக்காரர் ரசீது எழுதித் தந்தாலும் அது பொய் ரசீது.

2013 அக்டோபரில் வருமான வரித் துறை வரம்பை இறுக்கியது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுக்காரரின் பான் எண் தர வேண்டும், பான் இல்லையென்றால் அவருடைய பெயர், விலாசத்தோடு அவர் எழுதிய உறுதிமொழி. மாதத்துக்கு 8,333 ரூபாய்தான் எல்லை. அதன் பிறகு 8,300க்கு ரசீது தருகிறேன், மேலே உள்ளதைக் கையில் கொடுங்கள் என்ற பேச்சு வேலூரிலும் கேட்க ஆரம்பித்தது. பழைய பாதி ரசீதின் மறு அவதாரம்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் போய், எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும் என்ற புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாடகையும் இப்போது பெரும்பாலும் போனிலேயே போய்விடுகிறது, வங்கிக் கணக்கு தானே பேசும். 2020இல் வந்த புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கோ எச்.ஆர்.ஏ. விலக்கே இல்லை. அவர்கள் வீட்டுக்காரரிடம் ரசீது கேட்டுப் போய் நிற்பதும் இல்லை.