தேடுசொல் ஒத்திசைவு: ஹைதராபாத் அரக்கு வளையலை முன்வைத்து

இணையச் சந்தையில் ஒரு பொருளின் விற்பனைப் பக்கத்தில் எழுதப்படும் சொற்களையும், அதே பொருளின் கட்டண விளம்பரம் எந்தத் தேடல்களில் விற்றுக் கொடுக்கிறதோ அந்தச் சொற்களையும் ஒன்றோடொன்று பொருத்தி வைப்பது தேடுசொல் ஒத்திசைவு எனப்படும். விளம்பரச் செலவில் தெரியவரும் வாடிக்கையாளரின் சொல் பக்கத்துக்குள் வருகிறது. பக்கத்துக்குள் வந்த சொல், விளம்பரம் இல்லாமலும் பொருளைத் தேடலில் காட்டுகிறது. அமேசான் இந்தியா தளத்தில் விற்போர் இதை வழக்கமாகச் செய்கிறார்கள். மற்ற தளங்களிலும் அடிப்படை ஏறக்குறைய இதுவே.

சார்மினாருக்கு மேற்கே நீளும் லாட் பஜாரின் அரக்கு வளையல் இதை விளக்கப் பொருத்தமான பொருள். உருக்கிய அரக்கை வளையமாக வளைத்து, சூடு ஆறுவதற்குள் கல்லும் மணியும் கண்ணாடியும் கையால் பதித்துச் செய்யும் இந்த வளையலுக்கு, 'ஹைதராபாத் லாக் பேங்கிள்ஸ்' என்ற பெயரில் 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைவீதியில் இதற்குப் பெயர் தேவையில்லை. பார்த்ததும் வாடிக்கையாளர் கையை நீட்டுகிறார். தேடல் பெட்டியில் அவர் ஏதோ ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தாக வேண்டும். "lac bangles", "lakh bangles", "laakh ki chudi", தெலுங்கர் என்றால் "lakka gajulu", தமிழர் என்றால் "arakku valaiyal" என ஒரே வளையலுக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். விற்பவரோ பெரும்பாலும் "designer stone studded bangle set" என்று எழுதிவிட்டு, அரக்கு என்ற சொல்லையே விட்டுவிடுகிறார். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

இயங்கும் விதம்

தேடலுக்கு விடை தரும்போது தளம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில், தேடிய சொற்களோடு பொருந்தும் பொருள்களைத் திரட்டுகிறது. இதற்குப் பக்கத்தில் உள்ள எழுத்துதான் ஆதாரம். பிறகு, திரட்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. இங்கே வாடிக்கையாளர்களின் நடத்தை முந்திக்கொள்கிறது: எதைக் கிளிக் செய்தார்கள், எதைக் கூடையில் போட்டார்கள், எதை வாங்கினார்கள். அமேசான் பொறியாளர்கள் டாரியா சொரோகினாவும் எரிக் கான்டூ-பாஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வுரையும் வரிசைப்படுத்தலில் நடத்தைத் தரவுக்கு உள்ள இடத்தை விளக்குகிறது.

புதிதாக ஏற்றிய வளையலுக்கு இந்த நடத்தைச் சரித்திரம் கிடையாது. கட்டண விளம்பரம் அதை மேலே காட்டி முதல் சில விற்பனைகளைப் பெற்றுத் தருகிறது. விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் இயல்பான வரிசையில் ஓர் இடத்தை வாங்குவதில்லை. அந்தப் பணத்தால் வந்த விற்பனைதான் மெல்ல மெல்ல இடத்தை உயர்த்துகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவர்கள், விற்காத சொல்லுக்கு ஏலத்தொகையை ஏற்றிக்கொண்டே போய் நஷ்டப்படுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. பக்கத்தில் எங்கும் இல்லாத சொல்லை விளம்பரத்தில் இலக்காக வைத்தால், பொருத்தம் குறைவு என்று தளம் கருதி விளம்பரத்தைக் காட்டாமலே விடலாம். நல்ல ஏலத்தொகை வைத்தும் ஒரு சொல்லுக்குக் காட்சி எண்ணிக்கை பூஜ்யத்துக்கு அருகிலேயே கிடந்தால், அந்தச் சொல் பக்கத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

லாட் பஜார் வளையல் ஜோடி ஒன்றை 500 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். செய்கூலி, தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் போக 120 ரூபாய் மிஞ்சுகிறது. விளம்பரச் செலவு விற்பனையில் 24 விழுக்காட்டைத் தாண்டினால் கையிருப்பு கரையும். விளம்பரச் செலவு விற்பனையில் எத்தனை விழுக்காடு என்பதை விற்பவர்கள் ஏகாஸ் என்பார்கள். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்கானவை.

முதலில் தானியங்கிப் பிரச்சாரம் ஒன்று தொடங்கப்படுகிறது. எந்தத் தேடலுக்கு விளம்பரத்தைக் காட்டுவது என்பதை இதில் தளமே முடிவு செய்யும். சில வாரங்கள் கழித்துத் தேடுசொல் அறிக்கையைத் திறந்தால், வாடிக்கையாளர்கள் உண்மையில் தட்டச்சு செய்த சொற்கள் இப்படிக் கிடக்கின்றன. "lac bangles" என்ற தேடலில் 100 கிளிக். கிளிக்குக்கு 6 ரூபாய் வீதம் 600 ரூபாய் செலவு. 6 ஜோடி விற்று 3,000 ரூபாய். ஏகாஸ் 20 விழுக்காடு. "hyderabadi lac bangles 2.6" என்ற தேடலில் 20 கிளிக்தான்; 80 ரூபாய் செலவில் 4 ஜோடி, 2,000 ரூபாய். ஏகாஸ் 4 விழுக்காடு. "glass bangles" என்ற தேடலில் 60 கிளிக், 300 ரூபாய் செலவு, விற்பனை ஒன்றுமில்லை.

மூன்றாவது சொல்லை எப்போது நிறுத்துவது? ஒரு ஜோடியின் இலாபமான 120 ரூபாயை, கிளிக் விலையான 5 ரூபாயால் வகுத்தால் 24. சராசரியாக 24 கிளிக்குக்கு ஒரு விற்பனையாவது வந்தால்தான் சரிக்குச் சரி. 60 கிளிக்கில் ஒன்றும் வரவில்லை என்றால், கண்ணாடி வளையல் தேடுபவருக்கு அரக்கு வளையல் வேண்டாம் என்று பொருள். பத்துக் கிளிக்கைப் பார்த்துவிட்டு இப்படி முடிவெடுப்பது அவசரம்.

அடுத்து, வென்ற இரண்டு சொற்களும் கைமுறைப் பிரச்சாரத்துக்கு, துல்லியப் பொருத்தம் என்ற வகையில் மாற்றப்படுகின்றன. "glass bangles" துல்லிய எதிர்மறைச் சொல்லாகத் தானியங்கிப் பிரச்சாரத்தில் சேர்க்கப்படுகிறது. "glass" என்ற தனிச்சொல்லையே எதிர்மறைத் தொடராகப் போட்டால், "lac bangles with glass stones" என்று தேடி வருபவரும் அடிபட்டுப் போவார். 300 ரூபாய் வீண் நின்றுவிட்டால், 980 ரூபாய் செலவு 680 ஆகிறது. விற்பனை அதே 5,000 ரூபாயாக இருந்தால் மொத்த ஏகாஸ் 19.6இலிருந்து 13.6 விழுக்காட்டுக்கு இறங்குகிறது.

பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். மீதிப் பாதி விற்பனைப் பக்கத்தில் இருக்கிறது.

சொல்லை எங்கே வைப்பது

அதிகம் விற்ற சொல் தலைப்பின் முன்பகுதிக்குப் போக வேண்டும். கைபேசித் திரையில் நீண்ட தலைப்பின் பின்பாதி வெட்டுப்படும். மேலே உள்ள கணக்கில் தலைப்பு "Hyderabadi Lac Bangles" என்று தொடங்கி, கல் வகை, ஜோடி எண்ணிக்கை, அளவு என்று போகலாம். அமேசானின் 2025ஆம் ஆண்டு விதிப்படி பெரும்பாலான பிரிவுகளில் தலைப்பு 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஒரே சொல் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது. சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழக்கத்துக்கு இனி இடமில்லை.

அளவு தனிக் கவனம் பெற வேண்டும். வளையல் வியாபாரத்தில் 2.6 என்பது இரண்டரைக்குச் சற்றுக் கூடுதலான தசம எண் அல்ல. 2 அங்குலமும் 16இல் 6 பங்கும், அதாவது சுமார் 60 மில்லிமீட்டர் உள்விட்டம். 2.4 என்றால் 57, 2.8 என்றால் 63.5 மில்லிமீட்டர். அளவோடு தேடுபவர் வாங்கத் தயாராக வந்தவர். மேலே 20 கிளிக்கில் 4 விற்பனை வந்தது அதனால்தான். ஒவ்வோர் அளவுக்கும் உரிய விற்பனைப் பக்கத்தின் தலைப்பில் அந்த அளவு இருக்க வேண்டும். 2.6 தீர்ந்துபோய் 2.8 மட்டும் இருக்கும்போது அதே விளம்பரம் ஓடினால், கிளிக் குவியும், விற்பனை வராது. தப்பித்தவறி விற்றாலும் வளையல் திரும்பி வரும்.

எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளுக்கு இடம், வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்புலத் தேடுசொல் பெட்டி. அமேசான் இந்தியாவில் அதன் கொள்ளளவு 200 பைட். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். தமிழிலும் தெலுங்கிலும் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். "arakku valaiyal" 14 பைட்டில் முடிந்துவிட, "அரக்கு வளையல்" 36 பைட் கேட்கும். தளம் தமிழிலும் தெலுங்கிலும் 2020 முதல் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தாய்மொழி எழுத்தில் நிரப்பினால், பெட்டி இத்தகைய ஐந்தாறு தொடரில் நிறைந்துவிடும். அறிக்கையில் எந்த எழுத்தில் தேடல் வருகிறதோ, அதையே இட வேண்டும். தலைப்பில் வந்த சொல்லை இங்கே மறுபடி எழுதுவது வெறும் இட விரயம்.

எடுக்கக் கூடாத சொற்கள்

விற்கும் சொல் எல்லாம் பக்கத்துக்கு உரியதல்ல. "rajasthani lac bangles" என்று தேடிய ஒருவர் ஹைதராபாத் வளையலை வாங்கியிருக்கலாம். ஜெய்ப்பூரிலும் அரக்கு வளையல் செய்கிறார்கள். அந்தத் தொழில் வேறு. விளம்பர இலக்காக அந்தச் சொல்லை வைப்பது ஒன்று, தன் பொருளின் தலைப்பில் எழுதுவது மற்றொன்று. இரண்டாவது பொய். அதே நியாயப்படி, வேறெங்கோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வளையலுக்கு ஹைதராபாத் பெயரை ஒட்டுவதும் பொய்தான். லாட் பஜாரில் உலையருகே உட்கார்ந்து கல் பதிப்பவரின் கூலியில் அது கைவைக்கிறது. போட்டியாளரின் வணிகப் பெயரைப் பின்புலப் பெட்டியில் ஒளிப்பதையும் தளத்தின் விதிகள் தடுக்கின்றன. அறிக்கையில் "b0" என்று தொடங்கும் வரிகள் வரும். அவை தேடிய சொற்கள் அல்ல, விளம்பரம் தோன்றிய பிற பொருள்களின் குறியீடுகள். அவற்றுக்குப் பக்கத்தில் வேலையில்லை.

பலனை அறிதல்

விளம்பர அறிக்கை ஒரு கிளிக்காவது பெற்ற சொற்களை மட்டுமே காட்டும். விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் ஏழு நாளுக்குள் வாங்கினால், அது விளம்பர விற்பனையாகவே எழுதப்படும்; வாங்கியது அதே கடையின் வேறு நிற ஜோடியாகவும் இருக்கலாம். அதனால் ஏகாஸை மட்டும் பார்த்து மகிழ்வது ஆபத்து. விளம்பரச் செலவை மொத்த விற்பனையால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒத்திசைவு வேலை செய்தால் இந்த விகிதம் இறங்கும். விளம்பரம் வழியாக வராத விற்பனை ஏறும். வணிகப் பெயரைத் தளத்தில் பதிந்தவர்களுக்குக் கிடைக்கும் தேடல் செயல்பாட்டு அறிக்கை, ஒரு சொல்லுக்கான மொத்தக் காட்சி, கிளிக், கூடை, கொள்முதலில் தம் பங்கு எவ்வளவு என்றே காட்டிவிடும்.

காலமும் ஏமாற்றும். ரம்ஜான் இரவுகளிலும் கல்யாண மாதங்களிலும் வளையல் தேடல் தானாகவே ஏறுகிறது. ரம்ஜானுக்கு முந்தைய வாரம் தலைப்பை மாற்றிவிட்டு, பிறகு வந்த விற்பனையைத் தலைப்பின் வெற்றியாக எண்ணக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதற்கு இரண்டு மூன்று வார அவகாசம், மாற்றாத இன்னொரு வளையலோடு ஒப்பீடு. இவை இருந்தால்தான் காரணம் தெரியும்.

ஒரு சொல்லில் இயல்பான முடிவே முதல் வரிசைக்கு வந்துவிட்டால், அதற்கான ஏலத்தொகையைப் படிப்படியாகக் குறைத்து மொத்த விற்பனையைக் கவனிக்கலாம். மொத்தம் குறையாவிட்டால், எப்படியும் வந்திருக்கும் வாடிக்கையாளருக்காகக் கிளிக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று பொருள். அந்தப் பணம் அறிக்கையில் அடுத்துக் காத்திருக்கும் சொல்லுக்குப் போக வேண்டும். மொத்தம் குறைந்தால் ஏலத்தொகையை முன்பிருந்த அளவுக்கே திருப்பி வைக்க வேண்டும்.