பெருநாள் செலவு: ஷவ்வாலிலேயே சேமிக்கத் தொடங்குவோம்

நோன்புப் பெருநாள் ஆங்கிலத் தேதிப்படி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னதாக வருகிறது. சம்பளத்தை ஒட்டி வந்த பெருநாள், அடுத்த வருடம் கையில் காசில்லாத மாதக் கடைசியில் வந்து நிற்கும். நகை அடகுக்கும் கிரெடிட் கார்டுக்கும் கை நீள்வது அந்த வாரத்தில்தான். எனவே பெருநாள் பணத்தைப் பிறைக் கணக்கில் சேர்ப்பதே பொருத்தம்.

சென்னையிலிருந்து மேலப்பாளையம் செல்லும் நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணி, தையல் ரூ. 8,000, போக வர ரயில், ஆட்டோ ரூ. 4,000, இறைச்சி, இனிப்பு ரூ. 4,400, பெருநாள் காசு, அன்பளிப்பு ரூ. 3,000. ஃபித்ராவுக்குத் தலைக்கு இரண்டரை கிலோ அரிசி. கிலோ 60 என்றால் ரூ. 600. மொத்தம் ரூ. 20,000.

ஷவ்வால் முதல் ரஜப் வரை பத்து மாதம். மாதம் ரூ. 2,000 தனிக் கணக்கில் போட்டால், ஷஃபான் பிறக்கும்போது முழுத்தொகையும் கையில் இருக்கும். குர்பானி கொடுப்பவர்கள் அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு பெருநாளுக்கும் இடையே பத்து வாரம்தான்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அது ஏறத்தாழ ஷஃபான் தொடக்கம். பிறை ஒரு நாள் மாறலாம் என்பதால், திரும்பும் பயணத்தைப் பெருநாளுக்கு இரண்டு நாள் கழித்தே வைக்கவும். துணியையும் ஷஃபானிலேயே தைக்கக் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பத்தில் தையற்கடைகள் புதுத்துணி வாங்குவதில்லை. பிறகு கூடுதல் விலைக்கு ரெடிமேட்தான் கதி.

பெருநாள் காசை முன்கூட்டியே எண்ணி உறையில் போடுங்கள். திட்டத்தை மீறுவது பெரும்பாலும் அந்தச் செலவுதான்.